எல்லைக்குக் கீழே இறங்கிய வேரியன்ஸ்

முதுகலை படித்தபோது ஒரு நாள் ராத்திரி, நான் எழுதிய நாலைந்து வரி நிரலில் எங்கே தப்பு என்று இரண்டு மணி நேரம் தேடினேன். நிரலில் தப்பே இல்லை. தப்பு நான் தாளில் போட்ட கணக்கில் இருந்தது, அதுவும் வகையிட்டதிலோ கூட்டியதிலோ இல்லை, தேற்றத்தை எடுத்துப் பொருத்திய இடத்தில். கிராமர்–ராவ் எல்லையை நான் உண்மையில் புரிந்துகொண்டது அந்த ராத்திரிக்கு அப்புறம்தான்.

விஷயம் இதுதான். 0 முதல் θ வரை சீராகப் பரவிய எண்கள் n கையில் இருக்கின்றன, θ தெரியாது, அதைக் கணிக்க வேண்டும். வகுப்பில் கிராமர்–ராவ் எல்லை அப்போதுதான் முடிந்திருந்தது: சாய்வற்ற எஸ்டிமேட்டர் எதுவானாலும் (அதாவது, θ என்னவாக இருந்தாலும் அதன் சராசரி சரியாக θ-வில் வந்து நிற்கும் எஸ்டிமேட்டர் எதுவானாலும்) அதன் வேரியன்ஸ் 1/I(θ)-க்குக் கீழே போக முடியாது, I என்பது ஃபிஷர் தகவல். சரி என்று உட்கார்ந்து போட்டேன். ஓர் எண்ணின் அடர்த்தி 1/θ, மடக்கை −log θ, வகையிட்டால் −1/θ, வர்க்கப்படுத்தினால் 1/θ². n எண்களுக்கு n/θ². ஆக எல்லை θ²/n. θ = 1, n = 10 என்றால் 0.1.

அப்புறம் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். பத்து எண்களில் பெரியதை எடுத்து 11/10-ஆல் பெருக்கினால் அது சாய்வற்ற எஸ்டிமேட்டர்.

```python
import numpy as np
rng = np.random.default_rng(7)
x = rng.uniform(0, 1, size=(200000, 10))
t = 11/10 * x.max(axis=1)
print(t.mean(), t.var())
```

சராசரி 1 பக்கம் ஒழுங்காக வந்தது. வேரியன்ஸ் 0.0083 பக்கம். எல்லையாக நான் போட்டது 0.1, வந்திருப்பதோ அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒரு தேற்றத்தை நாலு வரி நிரல் உடைக்காது என்கிற அறிவு இருந்ததால்தான் நிரலையே குடைந்துகொண்டிருந்தேன். கடைசியில் சும்மா ஒரு சோதனைக்கு, பெரிய எண்ணை விட்டுவிட்டு, சராசரியின் இரண்டு மடங்கைப் போட்டேன். அதுவும் சாய்வற்றது, ஆனால் சுமாரான எஸ்டிமேட்டர் என்று எல்லோருக்கும் தெரியும். அதன் வேரியன்ஸ் θ²/(3n), அதாவது 0.033. அந்தச் சுமாரானதுகூட என் ‘எல்லை’க்குக் கீழே ஜாலியாகப் போய் உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் சந்தேகம் நிரலை விட்டுத் தாளுக்கு மாறியது.

எங்கே தடுக்குகிறது என்று பார்க்க, நிரூபணத்தைப் பிரித்துப் போட வேண்டும். அது சின்னதுதான். மடக்கை லைக்லிஹுட்டை θ-வைப் பொறுத்து வகையிட்டால் வருவதற்கு ஸ்கோர் என்று பெயர், S என்று வைத்துக்கொள்வோம். ஸ்கோர் என்பது தரவைப் பொறுத்து மாறும் ஓர் எண்: கையில் இருக்கும் தரவு, ‘θ-வைக் கொஞ்சம் மேலே தள்ளு’ என்கிறதா, ‘கீழே இழு’ என்கிறதா, எவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறது என்பதை அது காட்டுகிறது. உண்மையான θ-வில் நின்று பார்த்தால் இந்தத் தள்ளலும் இழுப்பும் சராசரியில் சமமாகிவிடும், E[S] = 0. அதன் வேரியன்ஸ்தான் ஃபிஷர் தகவல். தள்ளலின் வேரியன்ஸை ‘தகவல்’ என்பது முதலில் எனக்கு விசித்திரமாகவே பட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: θ-வைத் துளி அசைத்தாலும் அடர்த்தி அப்படியே இருக்கிறது என்றால் எந்தத் தரவு வந்தாலும் S பூஜ்யத்தை ஒட்டியே கிடக்கும், தரவைப் பார்த்து θ-வைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. அடர்த்தி θ-வுக்குத் தக்கபடி நன்றாக வளைந்து கொடுத்தால்தான் S ஒரு தரவுக்கு இந்தப் பக்கமும் இன்னொரு தரவுக்கு அந்தப் பக்கமும் பலமாக ஆடும்.

இப்போது T ஒரு சாய்வற்ற எஸ்டிமேட்டர் என்றால், எல்லா θ-வுக்கும் ∫ T f dx = θ, f என்பது தரவின் அடர்த்தி. இரண்டு பக்கத்தையும் θ-வைப் பொறுத்து வகையிடுங்கள். வலப்பக்கம் 1. இடப்பக்கத்தில் வகையிடலைத் தொகையீட்டுக்கு உள்ளே கொண்டுபோனால் ∫ T (∂f/∂θ) dx. ∂f/∂θ என்பது f-ஐ S-ஆல் பெருக்கியதுதான், ஆகவே E[TS] = 1. E[S] = 0 என்பதால் இதுவே T, S இரண்டின் கோவேரியன்ஸ். கோவேரியன்ஸின் வர்க்கம் இரண்டு வேரியன்ஸ்களின் பெருக்கலைத் தாண்டாது (கோஷி–ஷ்வார்ஸ்), எனவே 1 ≤ Var(T) · I(θ). முடிந்தது.

இந்த நிரூபணத்தில் T-ஐப் பற்றிக் கிட்டத்தட்ட எதுவுமே கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அது பெரிய எண்ணா, சராசரியா, நடு எண்ணா, கவலையே இல்லை. சாய்வற்றதாக இருக்கிற ஒரே காரணத்தால் எல்லா T-யும் ஸ்கோரோடு ஒரே அளவு கோவேரியன்ஸ் வைத்தாக வேண்டும், சரியாக 1. மொத்தத் தேற்றமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. கல்கத்தாவில் சி. ஆர். ராவ் 1945-இல் இதை வெளியிட்டபோது அவருக்கு 25 வயது நிரம்பியோ நிரம்பாமலோ இருந்திருக்கும். பெரிய மாதிரிகளுக்கு ஃபிஷர் சொன்ன இதே மாதிரி எல்லை வகுப்பில் வந்தபோது, சின்ன மாதிரிக்கும் அப்படி ஒன்று உண்டா என்று ஒரு மாணவர் கேட்டதில்தான் இது தொடங்கியது என்று ராவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கிராமரின் புத்தகம் 1946-இல் வந்தது. ஃப்ரெஷே அதற்கும் முன்னால், 1943-இல், இதே சமனிலியைத் தொட்டிருந்தார், அதனால் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்ப் பட்டியலை இன்னும் நீட்டிச் சொல்வார்கள்.

சரி, என் கணக்கு எங்கே கவிழ்ந்தது? ‘வகையிடலை உள்ளே கொண்டுபோனால்’ என்று மேலே ஒரு மூச்சில் சொல்லிவிட்டுப் போனேனே, அங்கேதான். சீரான பரவலில் தொகையீட்டின் மேல் எல்லையே θ. n = 1 எடுத்துக்கொண்டு நிதானமாகச் செய்து பார்க்கலாம். 0 முதல் θ வரை T(x)/θ-வின் தொகையீடு θ-வுக்குச் சமம். வகையிடும்போது θ இரண்டு இடத்தில் இருக்கிறது: உள்ளே பகுதியில் ஒன்று, மேலே எல்லையில் ஒன்று. எல்லை நகர்வதால் வரும் உறுப்பு T(θ)/θ. உள்ளே இருப்பதை வகையிட்டால் வருவது −(1/θ²) ∫ T dx, அது −1. இரண்டும் சேர்ந்து 1 ஆக வேண்டும் என்றால் T(θ)/θ = 2, அதாவது T(x) = 2x. ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சாய்வில்லாமல் கணிக்க ஒரே வழி அதை இரட்டிப்பதுதான் என்று போகிற போக்கில் கிடைத்துவிடுகிறது, அது தனி லாபம். நமக்கு வேண்டியது வேறு: E[TS] இங்கே 1 இல்லை, −1. ஓரத்தில் இருந்து வந்த 2-ஐ நிரூபணம் பார்க்கவே இல்லை. நிரூபணத்தின் ஒரே தூண் அந்த 1 தான் என்றால், அது இல்லாத இடத்தில் θ²/n என்பது எதற்கும் எல்லை இல்லை, வெறும் ஒரு கோவை.

இதை முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியும், ஒரு நிமிஷ வேலை. இந்தப் பரவலில் n எண்களுக்கு ஸ்கோர் −n/θ, தரவு எதுவானாலும் அதே எண். அப்படியானால் E[S] பூஜ்யம் இல்லை, அங்கேயே மணி அடித்திருக்க வேண்டும். ஃபிஷர் தகவலை எத்தனை விதமாகக் கணக்கிடலாமோ அத்தனை விதமாகவும் போட்டுப் பாருங்கள். ஓர் எண்ணின் தகவலை n-ஆல் பெருக்கினால் n/θ². மொத்த ஸ்கோரின் வர்க்கத்துக்குச் சராசரி எடுத்தால் n²/θ². ஸ்கோரின் வேரியன்ஸ் என்று எடுத்தால் 0. இரண்டாம் வகைக்கெழுவின் சராசரிக்கு எதிர்க்குறி போட்டால் −n/θ², தகவல் கழித்தலில் வருகிறது! ஒழுங்கான பரவலில் இந்த நாலும் ஒன்றாக இருக்கும். ஒரே அளவுக்கு நாலு வழியில் நாலு விடை வந்தால், எந்த விடை சரி என்று ஆராய்வதில் அர்த்தமில்லை, அந்த அளவே அங்கே பொருந்தவில்லை. எனக்கு வாய்த்த கெட்ட நேரம், நான் ஒரு வழியில் மட்டும் போட்டு அதை நம்பிவிட்டேன். இப்போதெல்லாம் எந்தப் பரவலானாலும் முதலில் E[S] = 0 தானா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போகிறேன்.

இது எல்லை செல்லாத கதை. எல்லை செல்லும், ஆனால் யாராலும் அதைத் தொட முடியாது என்கிற கதை எனக்கு இன்னும் பிடித்தது, அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

அடுக்குக்குறிப் பரவலை எடுங்கள், அடர்த்தி λ e^(−λx). ஓரம் 0-வில் நிலையாக இருக்கிறது, தொல்லை இல்லை. n எண்களின் கூட்டுத்தொகையை G என்று வைத்தால் ஸ்கோர் n/λ − G. தகவல் n/λ². நாலு வழியில் போட்டாலும் அதே விடைதான், நானே போட்டுப் பார்த்திருக்கிறேன்.

முதலில் λ-வை விட்டுவிட்டுச் சராசரி μ = 1/λ-வைக் கணிக்கலாம். எஸ்டிமேட்டர் G/n, அதன் வேரியன்ஸ் μ²/n. எல்லையைக் கணக்கிட்டாலும் μ²/n. துல்லியமாகத் தொட்டுவிட்டது. இனி λ-வையே கணிப்போம். n/G என்றுதான் முதலில் கை போகும், ஆனால் அதன் சராசரி nλ/(n−1), கொஞ்சம் மேலே சாய்கிறது. திருத்தினால் T = (n−1)/G, இது சாய்வற்றது. இதன் வேரியன்ஸ் λ²/(n−2), n குறைந்தது 3 இருந்தால். எல்லையோ λ²/n. n = 10 என்றால் λ²/8-க்கும் λ²/10-க்கும் நடுவில் இடைவெளி. n = 3 என்றால் வேரியன்ஸ் λ², எல்லை அதில் மூன்றில் ஒரு பங்கு.

இதைவிட நல்ல எஸ்டிமேட்டர் வேறு இருக்கலாமே என்று தோன்றும். இல்லை. G முழுமையான, போதுமான புள்ளியியல் அளவை என்பதால் லேமன்–ஷெஃபே தேற்றப்படி (n−1)/G தான் சாய்வற்றவற்றிலேயே சிறந்தது. அதாவது λ²/n என்கிற எல்லை உண்மை, ஆனால் அங்கே யாரும் குடியிருக்கவில்லை. ஒரே தரவு, ஒரே தகவல், ஒரே கூட்டுத்தொகை G. சராசரியைக் கேட்டால் எல்லையைத் தொடுகிறது, அதன் தலைகீழைக் கேட்டால் தொடவில்லை. ஏன்?

நிரூபணத்துக்குத் திரும்பினால் பதில் அங்கேயே இருக்கிறது. T எதுவானாலும் ஸ்கோரோடு கோவேரியன்ஸ் 1 தான். கோஷி–ஷ்வார்ஸில் சமம் வர வேண்டும் என்றால் T ஸ்கோரின் மேல் ஒரு நேர்க்கோடாக இருக்க வேண்டும். இதைப் படமாக யோசித்தால் எனக்கு எளிதாகிறது: T-ஐ இரண்டு துண்டாக்குங்கள், ஸ்கோரின் திசையில் விழும் நிழல் ஒன்று, அதற்குச் செங்குத்தாக மிஞ்சுவது ஒன்று. எல்லாச் சாய்வற்ற T-க்கும் நிழல் ஒன்றுதான், அதன் வேரியன்ஸ்தான் 1/I. மிஞ்சுவதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. கிராமர்–ராவ் எல்லை சொல்வது இவ்வளவுதான்: நிழலைவிடப் பொருள் சின்னதாக இருக்க முடியாது. மிச்சத்தைப் பற்றி அது வாயே திறப்பதில்லை.

அடுக்குக்குறிப் பரவலில் ஸ்கோர் G-இல் ஒரு நேர்க்கோடு. G/n-உம் G-இல் நேர்க்கோடு, அதனால் மிச்சம் பூஜ்யம். (n−1)/G ஒரு வளைவு. வளைவின் நிழலை ஒரு கோட்டில் விழவைத்தால் மிச்சம் இருக்கத்தான் செய்யும். எவ்வளவு என்றும் சொல்லலாம்: எல்லையை வேரியன்ஸால் வகுத்தால் வருவது T, S இரண்டின் ஒட்டுறவின் வர்க்கம், இங்கே (n−2)/n. n = 10-இல் 0.8. n = 100-இல் 0.98, ஏனென்றால் அப்போது G தன் சராசரியைச் சுற்றியே நெருக்கமாக விழுகிறது, அந்தச் சின்ன இடத்தில் வளைவும் கோடு மாதிரியே தெரிகிறது. பெரிய மாதிரியில் எல்லை தொடப்படுகிறது என்று புத்தகங்கள் சொல்வதன் உட்பொருள், இந்தப் பரவலைப் பொறுத்தவரை, இதுதான்.

இதிலிருந்து ஒன்று தானாக வருகிறது. ஒரு பரவலில் ஸ்கோர் ஏதோ ஒரு புள்ளியியல் அளவையின் நேர்க்கோடாக எழுத வந்தால், அந்த அளவையின் சராசரிக்கு மட்டும்தான் (அதை நீட்டிச் சுருக்கி நகர்த்தியவற்றுக்கும்) எல்லை துல்லியமாகத் தொடப்படும். வேறு எந்தச் சார்பைக் கணித்தாலும் கொஞ்சம் கூடுதலாகத்தான் செலவாகும். தேர்வில் ‘எல்லையைத் தொடும் எஸ்டிமேட்டர் உண்டா’ என்று கேட்டால் எஸ்டிமேட்டரைத் தேடி அலைய வேண்டாம், ஸ்கோரை எழுதி, அது I(θ)(T − θ) என்கிற வடிவில் பிரிகிறதா என்று பார்த்தால் போதும். பிரியவில்லை என்றால் இல்லை.

இடையில் ஒரு விஷயம், பலர் சறுக்கும் இடம். எல்லை சாய்வற்றவர்களுக்கு மட்டும். இயல்நிலைப் பரவலில் சராசரி தெரியாதபோது σ²-க்கான எல்லை 2σ⁴/n. விலக்கங்களின் வர்க்கக் கூட்டலை n−1-ஆல் வகுக்கும் வழக்கமான எஸ்டிமேட்டரின் வேரியன்ஸ் 2σ⁴/(n−1), எல்லைக்குச் சற்று மேலே. அதையே n+1-ஆல் வகுத்தால் கொஞ்சம் கீழே சாயும், ஆனால் சராசரி வர்க்கப் பிழை 2σ⁴/(n+1), அதாவது சாய்வையும் கணக்கில் சேர்த்த பிறகும் எல்லைக்குக் கீழே. இதில் தேற்றம் எதுவும் உடையவில்லை. ‘மிகக் குறைந்த பிழை 1/I’ என்று பொத்தாம் பொதுவாக எழுதுபவர்களின் வாக்கியம்தான் உடைகிறது.

சரி, சீரான பரவலைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன். அங்கே ஸ்கோர் கைகொடுக்கவில்லை என்றால் எல்லையே கிடையாதா, வேரியன்ஸ் எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கலாமா? அப்படி இல்லை. ஹேமர்ஸ்லி 1950-இலும், சாப்மனும் ராபின்ஸும் 1951-இலும் காட்டிய வழி இருக்கிறது, நியாயமாகப் பார்த்தால் முதலில் இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் கிராமர்–ராவுக்கே போக வேண்டும் என்பேன். யோசனை எளியது: வகையிடாதீர்கள், கழியுங்கள். θ-வில் T-யின் சராசரி θ, வேறொரு θ′-இல் θ′. இரண்டையும் கழித்தால் T-க்கும் (f(x, θ′)/f(x, θ) − 1) என்பதற்கும் உள்ள கோவேரியன்ஸ் θ′ − θ. கோஷி–ஷ்வார்ஸ் போட்டால்

Var(T) ≥ (θ′ − θ)² / E[(f(x, θ′)/f(x, θ) − 1)²]

நமக்கு வசதியான எந்த θ′-ஐயும் எடுக்கலாம், கீழே இருக்கும் பகுதி அர்த்தமுள்ளதாக இருந்தால் போதும். ஒழுங்கான பரவலில் θ′-ஐ θ-வுக்கு நெருக்கிக்கொண்டே போனால் பழைய 1/I திரும்பக் கிடைக்கும்.

சீரான பரவலில் θ′-ஐ θ-வைவிடச் சின்னதாகத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் θ-வில் வரவே வாய்ப்பில்லாத தரவு θ′-இல் வந்துவிடும். எடுத்தால் கீழ்ப்பகுதி (θ/θ′)ⁿ − 1 என்று அழகாகச் சுருங்குகிறது. n = 1-க்கு மொத்தமும் θ′(θ − θ′), இது θ′ = θ/2-இல் உச்சம், எல்லை θ²/4. 2x-இன் வேரியன்ஸ் θ²/3. எல்லைக்கு மேலேதான் இருக்கிறது, நிம்மதி. θ = 1, n = 10-க்குக் கணினியில் θ′-ஐ ஓட்டிப் பார்த்தால் 0.87 பக்கம் உச்சம் வருகிறது, எல்லை 0.0056. அந்த ராத்திரி எனக்கு வந்த 0.0083 அதற்கு மேலே, தன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது.

இதில் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தது θ′ எங்கே விழுகிறது என்பதைத்தான். θ′-ஐ θ-வுக்கு மிக நெருக்கினால் மேலே இடைவெளியின் வர்க்கம், கீழே இடைவெளியின் முதல் அடுக்கு மட்டும், ஆக எல்லை பூஜ்யத்துக்குப் போய்விடும். வகையிடுதல் என்றாலே அந்த நெருக்கம்தான், அங்கே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெரிய n-க்கு உச்சம் வருவது θ-விலிருந்து சுமார் 1.59 θ/n தூரம் தள்ளி, எல்லை அங்கே சுமார் 0.65 θ²/n². பெரிய எண்ணை வைத்துக் கட்டிய எஸ்டிமேட்டரின் வேரியன்ஸ் θ²/(n(n+2)), ஏறக்குறைய θ²/n². மாறிலி முழுசாகப் பொருந்தவில்லை, ஆனால் கீழே n²-தான், n இல்லை.